வேகமும் சாய்வும்: நிலநடுக்கோட்டருகே அமையும் ஏவுதளங்கள்

திண்டிவனம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12.2 பாகையிலும், அதற்குத் தென்மேற்கே நாற்பது கிலோமீட்டருக்குள் உள்ள விழுப்புரம் 11.9 பாகையிலும் அமைந்துள்ளன. புவி தன் அச்சில் சுழல்வதால் இவ்விரு ஊர்களும் இரவும் பகலும் கிழக்கு நோக்கி விரைந்துகொண்டே இருக்கின்றன. அந்த வேகத்தைக் கணக்கிடுவது கடினமன்று. நிலநடுக்கோட்டில் புவியின் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். விண்மீன்களை நோக்க, புவி ஒருமுறை சுழன்று முடிக்க எடுத்துக்கொள்ளும் காலம் 24 மணிக்கு நான்கு நிமிடம் குறைவு, அதாவது 86,164 விநாடி. முன்னதைப் பின்னதால் வகுத்தால் நிலநடுக்கோட்டில் உள்ள ஓரிடத்தின் வேகம் விநாடிக்கு 465 மீட்டர் என்று கிடைக்கும். வடக்கே செல்லச் செல்ல ஓரிடம் ஒருநாளில் சுற்றிவரும் வட்டம் சிறுத்துக்கொண்டே போவதால், அந்த எண்ணை அவ்விடத்துக் குறுக்குக்கோட்டின் கொசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். அவ்வாறு பெருக்கினால் விழுப்புரத்தின் வேகம் விநாடிக்கு 455 மீட்டர் என்றும், திண்டிவனத்தின் வேகம் அதைவிட அரை மீட்டர் குறைவு என்றும் தெரியவரும். திண்டிவனத்துக்கு வடக்கே, பழவேற்காட்டையும் தாண்டி, 13.7 பாகையில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் அது 452 மீட்டராகிறது.

நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஏவுதளத்திலிருந்து செயற்கைக்கோள் ஏவினால் எரிபொருள் மிச்சமாகும் என்பதற்குப் பாடநூல்கள் இந்தச் சுழற்சி வேகத்தையே காரணமாகச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. அது பிழையன்று, ஆயினும் பாதிக் காரணம் மட்டுமே. ஸ்ரீஹரிகோட்டாவையும் நிலநடுக்கோட்டையும் ஒப்பிடும்போது அது சிறிய பாதியும்கூட. மேலே கண்ட கணக்கின்படி இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு விநாடிக்கு 13 மீட்டர்தான். பல்லாயிரம் கோடி செலவழித்துக் கடல் கடந்து தென்னமெரிக்காவின் விளிம்பில் ஐரோப்பியர்கள் ஏவுதளம் வைத்திருப்பதற்கும், 1999ஆம் ஆண்டு முதல் பசிபிக் பெருங்கடலின் நடுவே, சரியாக நிலநடுக்கோட்டின் மேல், மிதக்கும் மேடையிலிருந்து ராக்கெட்டுகள் ஏவப்பட்டதற்கும் இத்தகைய சிறு வேறுபாடு போதிய காரணமாகாது. மற்றப் பாதி, சுற்றுப்பாதையின் சாய்வில் இருக்கிறது.

முதலில் வேகத்தின் பங்கை அளந்துவிடலாம். தரையிலிருந்து 200 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பொருள் கீழே விழாமல் புவியைச் சுற்றிவர வேண்டுமானால் அதற்கு விநாடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகம் தேவை. இந்த வேகம் சுழலும் தரையை நோக்க அளக்கப்படுவதன்று, புவியின் மையத்தை நோக்க அளக்கப்படுவது. ஆகவே கிழக்கே ஏவப்படும் ராக்கெட், ஏவுமேடையில் அசையாமல் நிற்பதாகத் தோன்றும்போதே அந்த வேகத்தில் 452 மீட்டரைப் பெற்றிருக்கிறது. வளிமண்டலமும் புவியோடு சேர்ந்தே சுழல்வதால் இந்த வேகத்துக்காகக் காற்றின் எதிர்ப்பு எதையும் அது சந்திக்க வேண்டியதில்லை. நிலநடுக்கோட்டில் ஈர்ப்பு சற்றுக் குறைவு என்பதையும் சிலர் மற்றொரு நன்மையாகச் சேர்ப்பதுண்டு. அக்குறைவின் பெரும்பகுதி சுழற்சியாலேயே விளைவதாகையால், அப்படிச் சேர்ப்பது ஒரே வரவைக் கணக்கில் இருமுறை எழுதுவதாகும்.

வேகம் எப்படி எரிபொருளாக மாறுகிறது என்பதை ரஷ்ய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட சமன்பாடு காட்டுகிறது: Δv = vₑ ln(m₀/m₁). இதில் Δv என்பது ராக்கெட் பெறும் வேக மாற்றம். vₑ என்பது அதன் வாயிலிருந்து வாயு வெளியேறும் வேகம். m₀, m₁ என்பவை எரிபொருள் எரிவதற்கு முன்னும் பின்னும் உள்ள எடைகள். இதன் பொருள், தேவைப்படும் வேகம் கூட்டல் கணக்கில் ஏறினால் எரிபொருள் பெருக்கல் கணக்கில் ஏறும் என்பதே. இஸ்ரோவின் எல்.வி.எம்.3 ராக்கெட்டின் மேலடுக்கு, திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனுமாக 28 டன் எரிபொருளைக் கொண்டது. அதிலிருந்து வாயு விநாடிக்கு 4.3 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் வெளியேறுகிறது. எரிந்து முடிந்த பின் அந்த அடுக்கின் வெற்று எடையும் செயற்கைக்கோளின் எடையும் சேர்ந்து ஏறத்தாழ 9 டன் நிற்கும் என்று கொண்டால், புவியின் சுழற்சி ஒன்றுமே தராதிருக்கும் நிலையில் அந்த ராக்கெட் சுமக்கும் 4 டன்னில் ஏறத்தாழ ஒரு டன்னை இழக்க வேண்டிவரும். இது பெரிய தொகைதான். ஆனால் ஸ்ரீஹரிகோட்டாவும் அதைப் பெற்றுக்கொண்டுதான் இருக்கிறது. ஏவுதளத்தை நிலநடுக்கோட்டுக்கே கொண்டுபோனால் கூடுதலாகக் கிடைக்கும் 13 மீட்டரின் மதிப்பு ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோ.

இனிச் சாய்வைப் பார்க்கலாம். புவியைச் சுற்றும் எந்தப் பாதையும் புவியின் மையத்தின் வழியே செல்லும் ஒரு தளத்தில்தான் அமைய முடியும். ஏனெனில் ஈர்ப்பு எப்போதும் மையத்தை நோக்கியே இழுக்கிறது. அந்தத் தளத்துக்கும் நிலநடுக்கோட்டின் தளத்துக்கும் இடையே உள்ள கோணமே பாதையின் சாய்வு எனப்படுகிறது. ஓர் எலுமிச்சம்பழத்தின் நடுவில் வளையமாகக் கோடு வரைந்து, அதற்குச் சற்று மேலே ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியின் வழியாகவும் பழத்தின் மையத்தின் வழியாகவும் கத்தி செல்லுமாறு அரிந்தால், கத்தியை எந்தப் பக்கம் திருப்பினாலும் வெட்டு அந்த வளையத்தோடு ஒட்டிப் படியாது. புள்ளி எவ்வளவு மேலே இருக்கிறதோ குறைந்தது அவ்வளவாவது சாய்ந்தே இருக்கும். ஏவுதளமும் அத்தகைய புள்ளிதான். நேர்கிழக்கே ஏவும்போது சாய்வு ஏவுதளத்தின் குறுக்குக்கோட்டுக்குச் சமமாக இருக்கும். வேறெந்தத் திசையில் ஏவினாலும் அதைவிடக் கூடும். வழியில் திருப்பாதவரை அதைவிடக் குறைய வழியே இல்லை.

இந்தச் சாய்வைப் பொருட்படுத்த வேண்டிய செயற்கைக்கோள்கள் புவிநிலைச் செயற்கைக்கோள்களே. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கும் வானிலைப் படங்களுக்கும் பயன்படும் இவை, நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், புவி சுழலும் அதே காலத்தில் ஒரு சுற்றை முடிப்பதால் தரையிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்பவைபோல் தோன்றுகின்றன. வீட்டு மாடியில் பொருத்திய கிண்ண ஆன்டெனாவை ஒருமுறை திருப்பி வைத்துவிட்டு மறந்துவிட முடிவது இதனால்தான். அந்த நிலைக்குச் சாய்வு சுழியமாக வேண்டும். ராக்கெட் பொதுவாகச் செயற்கைக்கோளை நேரே அங்கே கொண்டுபோய் வைப்பதில்லை. ஒரு முனை 170 அல்லது 200 கிலோமீட்டர் உயரத்திலும் மறுமுனை ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலும் இருக்கும் நீள்வட்டப் பாதையில் விட்டுவிடுகிறது. இதற்குப் பெயர்ச்சிப் பாதை என்று பெயர். அதன் உயர்ந்த முனையைச் செயற்கைக்கோள் எட்டும்போது, தன்னிடமுள்ள சிறிய எஞ்சினை இயக்கி, பாதையை வட்டமாக்குவதையும் சாய்வை நீக்குவதையும் ஒருசேரச் செய்கிறது.

உயர்ந்த முனையில் செயற்கைக்கோளின் வேகம் விநாடிக்கு 1.597 கிலோமீட்டர், வட்டப்பாதைக்குத் தேவையானது 3.075 கிலோமீட்டர். சாய்வே இல்லையென்றால் இவ்விரண்டின் வித்தியாசமாகிய 1.48 கிலோமீட்டரைச் சேர்த்தால் போதும். சாய்வு இருந்தால் வேகத்தின் திசையையும் திருப்ப வேண்டியிருப்பதால் சாதாரணக் கழித்தல் உதவாது; முக்கோணத்தின் மூன்றாம் பக்கத்தைக் காணும் விதியே இங்குப் பயன்படும்: Δv² = v₁² + v₂² − 2 v₁ v₂ cos i. பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து செல்லும் ராக்கெட் 6 பாகைச் சாய்வில் விட்டால் தேவை 1.50 கிலோமீட்டர், ஸ்ரீஹரிகோட்டாவின் குறுக்குக்கோட்டுக்குச் சமமான 13.7 பாகையானால் 1.57, அமெரிக்காவின் கேப் கனாவெரல் அமைந்துள்ள 28.5 பாகையானால் 1.84, கஜகஸ்தானின் பைக்கனூர் இருக்கும் 46 பாகையானால் 2.28. ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் நிலநடுக்கோட்டுக்கும் இடையே சுழற்சி வேகத்தில் வேறுபாடு 13 மீட்டர் என்றால், சாய்வில் அது 90 மீட்டர், ஏழு மடங்கு. கோணம் சிறியதாக இருக்கும்போது செலவு மெல்ல ஏறி, பின்பு விரைந்து கூடுவதால், கூரூ நிலநடுக்கோட்டிலேயே இருப்பதற்குச் சமம் எனலாம். பைக்கனூருக்கோ அது தீராத சுமை.

இந்தியாவின் உண்மைக் கணக்கு 13.7 பாகையோடும் முடிந்துவிடுவதில்லை. 2017 ஜூன் 5 அன்று ஜிசாட்-19 செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியபோது அதற்குக் குறிக்கப்பட்ட பெயர்ச்சிப் பாதையின் சாய்வு 21.5 பாகை, 2014 ஜனவரியில் ஜிசாட்-14க்கு அது 19.3 பாகை. ஏவுதளத்தின் குறுக்குக்கோட்டைவிட ஆறு முதல் எட்டு பாகை ஏன் கூடுகிறது என்பதற்கு உலக வரைபடமே விடை தரும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர்கிழக்கே ஒரு கோடு இழுத்தால் அது வட அந்தமான் தீவின் மேலேயே சென்று, பின்பு மியான்மரையும் தாய்லாந்தையும் கடக்கும். எரிந்து முடிந்த அடுக்குகளும், தவறு நேர்ந்தால் ராக்கெட்டின் சிதைவுகளும், மக்கள் வாழும் நிலத்தில் விழக்கூடாது என்பது ஏவுதளங்கள் அனைத்துக்கும் பொதுவான விதி. கிழக்கிலிருந்து 14 முதல் 17 பாகை வரை தெற்கே திருப்பி ஏவினால், அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் இடையே உள்ள பத்துப் பாகைக் கால்வாயின் மேலாகப் பாதை செல்வதைக் கோடு போட்டுப் பார்க்கலாம். அப்படித் திருப்பும்போது சாய்வு முறையே 19 பாகைக்கும் 21 பாகைக்கும் மேலே ஏறுவதையும் கணக்கு காட்டுகிறது. சுழற்சி வேகத்திலும் ஏறத்தாழ 20 மீட்டர் இதனால் கைநழுவுகிறது.

இதன் விலையை 3,000 கிலோ எடையுள்ள ஒரு செயற்கைக்கோளைக் கொண்டு அளக்கலாம். அதன் எஞ்சின் இஸ்ரோ வழக்கமாகப் பயன்படுத்தும் 440 நியூட்டன் திரவ எஞ்சின் என்றும், வாயு வெளியேறும் வேகம் விநாடிக்கு 3.1 கிலோமீட்டர் என்றும் கொண்டால், சாய்வற்ற பாதையிலிருந்து புவிநிலையை அடைய ஏறத்தாழ 1,140 கிலோ எரிபொருள் செலவாகும், கூரூவின் 6 பாகையிலிருந்து 1,150 கிலோ, 21.5 பாகையிலிருந்து 1,265 கிலோ. கூடுதலாக எரிந்துபோகும் 125 கிலோவின் அருமை, செயற்கைக்கோள் தன் இடத்தை அடைந்த பிறகுதான் முழுமையாக விளங்கும். நிலவும் ஞாயிறும் இழுப்பதால் புவிநிலைச் செயற்கைக்கோள் மெல்ல விலகிக்கொண்டே இருக்கும். அதை மீண்டும் மீண்டும் இடத்துக்குக் கொண்டுவர ஆண்டுக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேக மாற்றம், இந்த அளவுள்ள செயற்கைக்கோளுக்குச் சுமார் முப்பது கிலோ எரிபொருள், தேவைப்படுகிறது. எனவே சாய்வைத் திருத்தச் செலவான 125 கிலோ என்பது நான்கு ஆண்டு ஆயுள். நல்ல நிலையில் இயங்கும் கருவிகளைச் சுமந்துகொண்டே, எரிபொருள் தீர்ந்த ஒரே காரணத்தால் ஓய்வுபெறும் செயற்கைக்கோள்கள் உண்டு என்பதை நினைத்தால் இது சிறு இழப்பன்று. மின்னாற்றலால் வாயுவைப் பன்மடங்கு வேகத்தில் வெளியேற்றும் எஞ்சின்கள் பரவும்போது இந்த எடைச் சுமை வெகுவாகக் குறையும். அதற்கு ஈடாக, இடம்போய்ச் சேர நாள்கள் அல்ல, மாதங்கள் ஆகும்.

ஆனாலும் குறுக்குக்கோட்டை மட்டுமே பார்த்து ஏவுதளம் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. 5,854 கிலோ எடையுள்ள ஜிசாட்-11, 2018 டிசம்பரில் கூரூவிலிருந்து ஏவப்பட்டதற்கு நிலநடுக்கோட்டின் அண்மை காரணமன்று. அத்தனை எடையைத் தூக்கும் ராக்கெட் அப்போது இந்தியாவிடம் இல்லை என்பதே காரணம். 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-என்2, 2024 நவம்பரில் கேப் கனாவெரலிலிருந்து, அதாவது ஸ்ரீஹரிகோட்டாவைவிட நிலநடுக்கோட்டுக்கு இருமடங்கு தொலைவிலுள்ள இடத்திலிருந்து, அனுப்பப்பட்டது. வலிய ராக்கெட் இருந்தால் குறுக்குக்கோட்டின் குறையை விலைகொடுத்து ஈடுகட்டிவிடலாம்.

குறுக்குக்கோட்டைவிடக் குறைந்த சாய்வு வேண்டுமென்றே கோரப்பட்ட ஒரு நிகழ்வும் ஸ்ரீஹரிகோட்டாவின் வரலாற்றில் உண்டு. 2015 செப்டம்பர் 28 அன்று பி.எஸ்.எல்.வி-சி30 ராக்கெட் ஏற்றிச்சென்ற அஸ்ட்ரோசாட் என்னும் வானியல் செயற்கைக்கோள், 650 கிலோமீட்டர் உயரத்தில் 6 பாகைச் சாய்வுள்ள பாதையில் வைக்கப்பட்டது. பிரேசிலுக்கும் தென் அட்லாண்டிக்குக்கும் மேலே புவியின் காந்தப்புலம் நலிந்திருப்பதால் மின்னேற்றத் துகள்கள் அங்குத் தாழ இறங்கி, எக்ஸ் கதிர்களை உணரும் கருவிகளைக் குழப்புகின்றன. சாய்வு குறைந்த பாதை அப்பகுதியின் விளிம்போடு நின்றுவிடும். 13.7 பாகையிலிருந்து 6 பாகைக்கு இறங்கும் இந்தத் திருப்பத்தை, ராக்கெட் முழுச் சுற்றுவேகமும் பெற்ற பின் ஒரே முறையில் செய்தால், விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேக மாற்றம் வேண்டும். புவிநிலைச் செயற்கைக்கோள் இதைவிடப் பெரிய சாய்வைச் சில நூறு மீட்டரில் நீக்கிக்கொள்வதற்குக் காரணம், அது 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மெதுவாகச் செல்லும்போது திரும்புவதுதான். தாழ்ந்த பாதையில் அந்தச் சலுகை கிடையாது. 1,513 கிலோ எடையுள்ள அஸ்ட்ரோசாட்டை, அதைவிட மிகுந்த எடையைத் தாழ்பாதைக்குக் கொண்டுசெல்லக்கூடிய ராக்கெட்டில் அனுப்பியதால்தான் இந்தச் செலவைத் தாங்க முடிந்தது. நிலநடுக்கோட்டில் ஏவுதளம் இருப்பதன் முழு மதிப்பு, வேறெதையும்விட, இத்தகைய பாதைகளில்தான் வெளிப்படும்.

விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து நடத்திய சந்திரயான்-3, இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு. 2023 ஜூலை 14 அன்று எல்.வி.எம்.3 அதை 170 கிலோமீட்டருக்கும் 36,500 கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட நீள்வட்டத்தில் விட்டது. ஜிசாட்-19க்கு அமைந்த ஏறத்தாழ அதே ராக்கெட், ஏறத்தாழ அதே பாதை, ஏறத்தாழ அதே சாய்வு. ஆனால் நிலவு நிலநடுக்கோட்டுத் தளத்தில் சுற்றுவதில்லை; அதன் பாதை அத்தளத்துக்கு 18 முதல் 28 பாகை வரை, 18.6 ஆண்டுச் சுழற்சியில் கூடியும் குறைந்தும், சாய்ந்திருக்கிறது. நிலவுக்குச் செல்லும் கலம் தன் சாய்வைச் சுழியமாக்க வேண்டியதில்லை. கலம் போய்ச் சேரும் நாளில் நிலவு எங்கே இருக்குமோ அந்தப் புள்ளி கலத்தின் தளத்தில் அமைந்தால் போதும். 21 பாகைச் சாய்வுள்ள தளத்துக்கு அத்தகைய நாள்கள் ஒவ்வொரு மாதமும் வருகின்றன. ஆகவே ஜிசாட்-19 விலையாகக் கொடுத்த 200 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தைச் சந்திரயான் கொடுக்கவில்லை. நிலநடுக்கோட்டிலிருந்து நேர்கிழக்கே ஏவியிருந்தால் அதற்குக் கிடைத்திருக்கக்கூடிய ஆதாயம் சுழற்சி வேகத்தில் முப்பது மீட்டர் அளவே. சாய்வு செலவாவதும் ஆகாமற்போவதும் ஏவுதளத்தைப் பொறுத்தது மட்டுமன்று, போகுமிடத்தையும் பொறுத்தது.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட இரண்டாவது ஏவுதளத்தைப் பற்றித் தமிழில் வந்த எழுத்துகள் பலவற்றில், அது 8.4 பாகையில் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் எரிபொருள் மிச்சமாகும் என்ற விளக்கம் காணப்படுகிறது. எரிபொருள் மிச்சமாகும் என்பது சரி, காரணம் சரியன்று. குலசேகரப்பட்டினத்துக்கு நேர்கிழக்கே இருநூறு கிலோமீட்டருக்குள் இலங்கையின் மேற்குக் கரை நிற்கிறது. அங்கிருந்து கிழக்கே ஏவவே முடியாது. சுழற்சியின் ஆதாயமும் குறைந்த சாய்வின் ஆதாயமும் கிழக்கே ஏவுபவர்களுக்கு மட்டுமே உரியவையாதலால், அவ்வூரின் குறுக்குக்கோடு எவ்வளவு தாழ்ந்திருந்தும் இவ்விரண்டுக்கும் அது உதவாது.

அது அமைக்கப்படுவது தெற்கு நோக்கி ஏவுவதற்காக. புவியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் இரு துருவங்களுக்கும் அருகே செல்லும் பாதையில், ஏறத்தாழ 97 பாகைச் சாய்வில், அதாவது சற்று மேற்கு நோக்கிச் சாய்ந்து, சுற்றுகின்றன. ஒவ்வோர் இடத்தையும் ஒரே உள்ளூர் நேரத்தில் கடக்க வேண்டும் என்பதற்காக இந்தச் சாய்வு தேர்ந்தெடுக்கப்படுகிறது. இத்தகைய பாதைக்குப் புவியின் கிழக்கு வேகம் துணையன்று, தடை. குலசேகரப்பட்டினத்தின் 460 மீட்டரை ராக்கெட் தன் எரிபொருளைக் கொண்டே ஈடுசெய்தாக வேண்டும். தென்திசை வேகம் பன்மடங்கு பெரிதாக இருப்பதால், முக்கோணக் கணக்குப்படி அதன் சுமை ஏறத்தாழ 70 மீட்டரோடு நின்றுவிடுகிறது. இந்த ஒரு வகையில் நிலநடுக்கோட்டை விட்டு விலகியிருப்பவர்களே சற்று நன்மை பெறுகிறார்கள்.

இருந்தும் குலசேகரப்பட்டினம் வெல்வது எப்படியெனில், ஸ்ரீஹரிகோட்டாவின் நேர்தெற்கில் யாழ்ப்பாணத் தீபகற்பம் தொடங்கி இலங்கைத் தீவு நீண்டு கிடக்கிறது. அங்கிருந்து துருவப்பாதைக்குச் செல்லும் பி.எஸ்.எல்.வி முதலில் தென்கிழக்கே புறப்பட்டு, இலங்கையை விலக்கிய பின்னரே தெற்கே திரும்புகிறது. திரும்புதலின் விலை வேகத்தோடு ஏறும்: விநாடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ராக்கெட்டை 30 பாகை திருப்ப வேண்டுமானால் அதற்கே ஒரு கிலோமீட்டர் வேக மாற்றம் ஆகிறது. 320 டன் எடையுள்ள பி.எஸ்.எல்.வி இதைத் தாங்கிக்கொள்கிறது. 120 டன் எடையுள்ள சிறிய எஸ்.எஸ்.எல்.வி ராக்கெட்டுக்கு இது சுமக்கும் எடையின் பெரும்பங்கைத் தின்றுவிடும் செலவு. குலசேகரப்பட்டினத்துக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், அண்டார்க்டிகா வரை, ராக்கெட் விலகிச் செல்ல வேண்டிய பெருநிலம் எதுவும் இல்லை.